புகையை விட்ட மாதத்திலேயே உணவையும் குறைப்பவர்கள்

உடற்பயிற்சி செய்பவர் புகையை நிறுத்தும்போது பெரும்பாலும் முதலில் செய்யும் தவறு, எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் அன்றே உணவையும் பாதியாகக் குறைப்பதுதான். பயம் ஆதாரமற்றதல்ல. நிகோடின் பசியை அடக்குகிறது, உடல் செலவிடும் ஆற்றலையும் சற்றுக் கூட்டுகிறது. அது நின்றால் இரண்டும் திரும்பும். முதல் ஆண்டில் சராசரியாக 4 முதல் 5 கிலோ கூடுகிறது, அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில். ஆனால் வெறும் வயிற்றின் எரிச்சலும் நிகோடின் ஏக்கமும் ஒன்றுபோலவே தோன்றும். பட்டினி கிடப்பவர் எது எதுவென்று அறியாமல் சிகரெட்டைத் தேடிப் போவார்.

குறைக்க வேண்டியது உணவை அல்ல, வேளைகளுக்கு இடையிலான நீண்ட இடைவெளியை. எழுபது கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலையில் காப்பியும் சிகரெட்டும், ஒரு மணிக்கு மதிய உணவு, ஆறு மணிக்குப் பயிற்சி, ஒன்பது மணிக்கு இரவு உணவு என்பது அவர் பழக்கம். காலையிலும் மாலையிலும் பசியை மறைத்துவந்தது சிகரெட். இப்போது அந்த இடங்களில் பிஸ்கட்டும் மிட்டாயும் நுழையும். அதற்குப் பதில் எட்டு மணிக்கு முட்டை அல்லது பருப்பு சேர்ந்த காலை உணவு, ஐந்து மணிக்குத் தயிரும் ஒரு பழமும், பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் இரவு உணவு என்று மாற்றலாம். மூன்று பெரிய வேளைகளிலும் 30 கிராம் அளவுக்குப் புரதம், ஐந்து மணிக்குச் சிறிதளவும் இருந்தால் தசைக்கும் போதும், பசியும் கட்டுக்குள் இருக்கும். தட்டில் பாதி காய்கறியாக இருந்தால் நல்லது. புகையை விட்ட பிறகு பலருக்கு வரும் மலச்சிக்கலுக்கும் நார்ச்சத்தும் தண்ணீரும் உதவும்.

அதிகம் பேசப்படாத தவறு ஒன்று உண்டு. புகைப்பவருக்குச் சாப்பாடு முடிந்ததற்கான அடையாளமே சிகரெட்தான். அது போனதும் சாப்பாடு முடிவதே இல்லை. கை மீண்டும் பாத்திரத்துக்குப் போகிறது. உடனே எழுந்து பல் துலக்குங்கள், பத்து நிமிடம் நடங்கள். ஏக்கம் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும்.

காப்பியையும் கவனியுங்கள். புகையில் உள்ள பொருள்கள் காஃபீனை வேகமாகச் சிதைக்கும்படி கல்லீரலைத் தூண்டுவதால், புகை நின்ற பின் அதே இரண்டு கோப்பை கூடுதலாக வேலை செய்யும். வரும் படபடப்பையும் தூக்கமின்மையையும் ஏக்கம் என்று நினைத்துக் கொறிப்பார்கள். அளவைப் பாதியாக்கினால் போதும். மென்று சுவைக்கும் புகையிலையை விட்டவர்களுக்கு இந்த மாற்றம் நேராது.

எடையை வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் பாருங்கள். மூன்று மாதங்கள் புகையின்றிக் கழிந்த பிறகும் எடை ஏறிக்கொண்டே இருந்தால் அப்போது நாளுக்கு 200 கலோரி குறைக்கலாம். அதையும் மாவுப்பண்டத்திலும் எண்ணெயிலும் குறையுங்கள், புரதத்தில் அல்ல.