நேர்காணல் தேதியை மாற்றக் கேட்கும் மின்னஞ்சல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே நாளில், ஒரே நேரத்தில் இரண்டு நிறுவனங்களின் நேர்காணல் வந்து மோதுவது வேலை தேடுபவர்களுக்கு அடிக்கடி நடப்பதுதான். மாற்றித் தரும்படி கேட்பதால் எந்த நல்ல நிறுவனமும் கோபித்துக்கொள்வதில்லை. நேர்காணல்களுக்கு நேரம் ஒதுக்குவது என் வேலை என்பதால், கேட்கும் முறைதான் ஆட்களின் வாய்ப்பைக் கெடுக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியும். வணக்கம் சொல்ல மறப்பது, எழுத்துப்பிழை விடுவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை.

மாற்று நேரம் சொல்லாமல் கேட்பது

"வியாழக்கிழமை வேறொரு வேலை இருப்பதால் நேர்காணலை வேறொரு நாளுக்கு மாற்ற முடியுமா?" இப்படி ஒரே வரியில் வரும் கடிதத்தைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. எழுதியவருக்கு இது பணிவான கேள்வி. எனக்கோ, மூன்று பேருடைய நாட்காட்டியைக் கலைத்துவிட்டு, எதை வைத்து மறுபடி அடுக்குவது என்று தெரியாத நிலை. குழுத் தலைவர், வேறு பிரிவிலிருந்து வரும் மேலாளர், மனிதவளத் துறையிலிருந்து ஒருவர் ஆகிய மூவருக்கும் பொதுவாக முக்கால் மணி நேரம் கிடைப்பதே அரிது.

அண்மையில் ஒரு பெண் அப்படித்தான் எழுதினார். நான் மூவரையும் கேட்டு வெள்ளி மதியம் மூன்று மணி என்றேன். அன்று முடியாது என்று மறுநாள் பதில் வந்தது. திங்கள் காலை என்றேன். அதற்குப் பதில் வருவதற்குள் மேலாளரின் திங்கள் நிரம்பிவிட்டது. இதற்கிடையில் முதலில் குறித்த நாளில் வந்த வேறொருவரைக் குழுவுக்குப் பிடித்துப்போய், இடம் நிரம்பியது. அந்தப் பெண்ணின் தகுதியைப் பற்றி யாரும் பேசக்கூட வாய்ப்பு வரவில்லை. அது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

அவர் எழுதியிருக்க வேண்டியது ஏறக்குறைய இதுதான்:

"வணக்கம். மார்ச் 12, வியாழன் காலை 11 மணிக்கு எனக்கு நேர்காணல் குறித்திருக்கிறீர்கள், நன்றி. அதே நேரத்துக்கு வேறொரு நேர்காணலுக்கு வருவதாக முன்பே உறுதி சொல்லியிருக்கிறேன். வியாழன் மாலை 3 முதல் 6 வரை, வெள்ளி காலை 10 முதல் 1 வரை, திங்கள் முழு நாள், இவற்றில் உங்கள் குழுவுக்கு வசதியான நேரத்தில் வர இயலும். இந்தப் பணியில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு. சிரமத்துக்கு வருந்துகிறேன்."

இதில் கவனிக்க வேண்டியது, அவர் தருவது ஒற்றை மணி அல்ல, சில மணி நேர இடைவெளிகள். "வெள்ளி 11 மணி" என்று மட்டும் சொன்னால் அது நிபந்தனைபோல் ஒலிக்கும். "எப்போது வேண்டுமானாலும்" என்றால் பழைய சிக்கல்தான். மூன்று இடைவெளிகளும் முதல் தேதிக்கு அருகிலேயே இருப்பதால் ஆர்வம் தானாகத் தெரிகிறது. பதில் வரும்வரை அந்த நேரங்களை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. குழு வெளிநாட்டில் இருந்தால் இந்திய நேரம் என்று குறிப்பிட வேண்டும்.

எதை மாற்றுவது என்று யோசிக்காதது

மோதும் இரண்டில், ஒருவர் மட்டும் தொலைபேசியில் பேசும் முதல் சுற்றை நகர்த்துவது எளிது. பலர் கூடும் இறுதிச் சுற்றை நகர்த்துவது கடினம். இரண்டும் ஒரே நிலையில் இருந்தால், பிறகு வந்த அழைப்பை மாற்றக் கேளுங்கள். முதலில் கொடுத்த வாக்கைக் காப்பதாகச் சொல்பவரை எந்த நிறுவனமும் மதிக்கும்.

பொய்க் காரணம்

காய்ச்சல் வேண்டாம், பாட்டியும் வேண்டாம்.

போட்டி நிறுவனத்தின் பெயரைச் சொல்வது

பேரம் பேசுவதுபோல் தெரியும். "வேறொரு நேர்காணல்" என்பதே போதும். அதையும் சொல்லத் தயக்கமாக இருந்தால் "முன்பே உறுதிசெய்த சந்திப்பு" என்று எழுதலாம், அதுவும் உண்மைதான்.

காலண்டரில் Decline அழுத்துவது

விளக்கம் எதுவும் இல்லாமல் இந்த மறுப்பு மட்டும் வந்தால், வேலையே வேண்டாம் என்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்வோம். முதலில் மின்னஞ்சல் எழுதுங்கள். அதையும் புதிய கடிதமாக அனுப்பாமல், அழைப்பு வந்த கடிதத்துக்கே பதிலாக, அனுப்பியவருக்கு எழுதுங்கள். குழுவில் இருப்பவர்களைத் தேடிப் பிடித்து எழுத வேண்டாம்.

தாமதம்

மோதல் தெரிந்த அன்றே எழுத வேண்டும். நேர்காணலுக்கு ஒரு முழு வேலைநாள்கூட இல்லையென்றால் முதலில் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிட்டு, பிறகு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

இரண்டாம் முறை கேட்பது

புதிய நேரமும் எதனுடனாவது மோதினால், அந்த இன்னொன்றை மாற்றுங்கள்.