பல வருஷ வேலையின் கடைசி நாள்: இரண்டு மூன்று வரியில் கேப்ஷன் எழுதும் முறை

ஒரே நிறுவனத்தில் பத்து, பதினைந்து வருஷம் இருந்துவிட்டுக் கிளம்பும்போது, ஃபேஸ்புக்கிலோ லிங்க்ட்இன்னிலோ ஒரு படம் போட்டு இரண்டு வரி எழுத வேண்டியிருக்கும். பெரும்பாலும் அன்று மாலை அவசரத்தில்தான் எழுதுகிறார்கள். அதனால் எல்லாருடைய கேப்ஷனும் ஒன்றுபோலவே இருக்கிறது. இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

விளக்கத்துக்கு ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை. 2008 ஜூனில் டிரெய்னியாகச் சேர்ந்து, ஸ்டோர்ஸில் 17 வருஷம் வேலை பார்த்த ஒருவர். முதலில் அவர் எழுதியது இது:

"17 வருடப் பயணம் இன்று நிறைவடைகிறது. இந்த நிறுவனம் எனக்கு இரண்டாவது வீடு. ஆதரவளித்த அனைவருக்கும் நன்றி. இனிய நினைவுகளோடு விடைபெறுகிறேன்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் 17 என்ற எண்ணை மாற்றிவிட்டால் வங்கிக்காரரும் போடலாம், பள்ளி ஆசிரியரும் போடலாம். கூட வேலை பார்த்தவர்கள் படித்தால்கூட எழுதியவர் முகம் நினைவுக்கு வராது. இதைத்தான் சரி செய்யப் போகிறோம்.

படி 1: முதலில் காகிதத்தில் குறிப்பு

போனைத் திறக்க வேண்டாம். ஒரு தாளில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். முதல் நாள் யார் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? தினமும் தவறாமல் செய்த வேலை எது? நீங்கள் சேர்ந்தபோது இருந்து இப்போது இல்லாதது எது? உங்கள் பிரிவில் மட்டும் புழங்கும் பேச்சு எது? நாளைக்குக் காலையில் எதைச் செய்ய மாட்டீர்கள்?

அழகாக எழுத வேண்டியதில்லை. பொருள், நேரம், இடம், பேச்சு என்று கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிறவற்றை எழுதுங்கள். "நல்ல அனுபவம்", "நிறையக் கற்றேன்" என்று வந்தால் "எதைக் கற்றேன்?" என்று உங்களையே இன்னொரு முறை கேளுங்கள்.

ஸ்டோர்ஸ்காரர் எழுதிய குறிப்புகள்: காலை 5.20-க்குக் கம்பெனி பஸ். ஒவ்வொரு பொருளின் இருப்பையும் எழுதி ரேக்குகளில் தொங்கவிட்ட கார்டுகள், பிறகு வந்த கம்ப்யூட்டர். நைட் ஷிப்டில் 2 மணி டீ. ஸ்டாக் எடுக்கும்போது சீனியர் ஒருவர் சொன்னது: "முதல்ல எண்ணு, அப்புறம் கார்டைப் பாரு."

படி 2: ஒன்றை மட்டும் எடுங்கள்

நான்குமே நல்ல குறிப்புகள்தான். ஆனால் நான்கையும் நுழைத்தால் கேப்ஷன் பட்டியலாகிவிடும், ஒன்றும் மனதில் நிற்காது. எதை எடுப்பது என்பதற்கு ஒரு சோதனை உண்டு. வேறு பிரிவில் இருப்பவர் அந்த வரியைத் தன் பெயரில் போட முடியுமா? முடியும் என்றால் அதை விடுங்கள். கம்பெனி பஸ்ஸும் நைட் ஷிப்ட் டீயும் தொழிற்சாலையில் எல்லாருக்கும் பொது. கம்ப்யூட்டர் வந்த கதை எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும்.

சீனியர் சொன்ன வாக்கியம் அப்படியல்ல. கார்டில் இருக்கும் எண்ணிக்கையை முதலில் பார்த்துவிட்டால், எண்ணும்போது கை தானாகவே அந்த எண்ணில் போய் நிற்கும். குறைவு இருந்தாலும் தெரியாது. ஸ்டோர்ஸில் இருந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். மற்றவர்களுக்கு முழுக் காரணம் புரியாவிட்டாலும், ஒரு தொழிலின் உள்ளே எட்டிப் பார்த்த உணர்வு கிடைக்கும். ஆகவே இதுதான் கேப்ஷன்.

படி 3: மடிப்புக்கு மேல் எவ்வளவு தெரியும்?

ஆரம்பிப்பவர்கள் கவனிக்காத இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

இன்ஸ்டாகிராமில் கேப்ஷனை 2,200 எழுத்துக்குறி வரை எழுதலாம், லிங்க்ட்இன் பதிவை 3,000 வரை எழுதலாம். ஆனால் ஸ்க்ரோல் செய்பவர் கண்ணில் அவ்வளவும் படாது. இன்ஸ்டாகிராமில் ஏறத்தாழ முதல் 125 குறி, லிங்க்ட்இன்னில் முதல் இரண்டு மூன்று வரி, அவ்வளவுதான். மீதி "மேலும்" என்பதற்குள் மடிந்துவிடும்.

இந்த எண்ணிக்கையில் தமிழுக்கு ஒரு கூடுதல் செலவு இருக்கிறது. நம் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதைக் கம்ப்யூட்டர் பல குறிகளாக எண்ணலாம். "க" என்றால் ஒரு குறி. "கி", "கு", "கொ", "க்" எல்லாம் இரண்டிரண்டு குறி, ஏனென்றால் மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாகக் கணக்காகின்றன. "நன்றி" நமக்கு மூன்றெழுத்து, கம்ப்யூட்டருக்கு ஐந்து. "ஸ்ரீ" ஒன்றுக்கே நான்கு. அதனால் 125 குறி என்றால் தமிழில் இடைவெளியும் சேர்த்துச் சுமார் 80 எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் தளத்தின் 280-க்கும் இதே கணக்குதான்.

இப்போது ஸ்டோர்ஸ்காரரின் இரண்டாவது முயற்சியைப் பாருங்கள்:

"'முதல்ல எண்ணு, அப்புறம் கார்டைப் பாரு.' 2008-ல் சேர்ந்தபோது ஒரு சீனியர் அண்ணன் சொன்ன பாடம் இது. இத்தனை வருஷமும் என்னைக் காப்பாற்றியது. அவருக்கு நன்றி. இன்று எனக்கு ஸ்டோர்ஸில் கடைசி நாள்."

நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் முக்கியமான செய்தி மடிப்புக்குள் போய்விட்டது. மேலே தெரிவதை மட்டும் படிப்பவர், ஏதோ அறிவுரைப் பதிவு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார். அதனால் வரிசையை மாற்ற வேண்டும். செய்தி முதலில், அடையாளம் அடுத்து, நன்றி கடைசியில்:

"ஸ்டோர்ஸில் இன்று என் கடைசி நாள். 17 வருஷத்துக்கு முன் முதல் நாளில் கேட்ட பாடம்: 'முதல்ல எண்ணு, அப்புறம் கார்டைப் பாரு.' சொல்லிக்கொடுத்த அண்ணனுக்கு நன்றி."

முதல் இரண்டு வாக்கியமும் சேர்ந்து 119 குறி. 125-க்குள் அடங்கிவிட்டது. மடிப்பைத் திறக்காதவருக்கும் விஷயம் முழுதாகப் போய்ச் சேரும், திறப்பவருக்கு நன்றி கிடைக்கும். "காப்பாற்றியது" என்று நாமே சொன்ன விளக்கமும் போய்விட்டது. அது தேவையே இல்லை. பாடத்தை 17 வருஷம் கழித்து நினைவில் வைத்திருப்பதே அதைச் சொல்லிவிடுகிறது.

இன்னொன்று: சீனியர் சொன்னதைப் பேச்சுத் தமிழிலேயே விடுங்கள். "முதலில் எண்ணு, பிறகு அட்டையைப் பார்" என்று திருத்தினால் அவர் குரல் போய்விடும்.

படி 4: வருஷக் கணக்கும் பெயர்களும்

வருஷத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள். 17 வருஷம் 4 மாதம் என்றால் 17 என்றே எழுதலாம், 18 வேண்டாம். லிங்க்ட்இன் புரொஃபைலில் சேர்ந்த மாதமும் விலகிய மாதமும் இருக்கும், ரிலீவிங் லெட்டரிலும் தேதி இருக்கும். முதல் இரண்டு வருஷம் கான்ட்ராக்டில் இருந்து பிறகு பணி நிரந்தரமானவர்களுக்கு எந்த எண்ணைப் போடுவது என்ற குழப்பம் வரும். அவர்கள் எண்ணை விட்டுவிட்டு "2008-லிருந்து" என்று எழுதினால் பிரச்சினை தீர்ந்தது.

பெயர்கள்தான் அதிகம் மனம் புண்படுத்தும் இடம். எட்டுப் பேரை டேக் செய்தால் ஒன்பதாவது ஆள் அதை வருஷக்கணக்கில் நினைவில் வைத்திருப்பார். கேப்ஷனில் ஒருவரை மட்டும் சொல்லுங்கள், அவரையும் பெயரில்லாமல் சொன்னால் இன்னும் நல்லது. சீனியர் அண்ணன் யார் என்று தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குக் குழுவாக நன்றி சொல்லுங்கள்: "பி ஷிப்ட்காரர்களுக்கும் கேட் செக்யூரிட்டி அண்ணன்களுக்கும்." தனியாகச் சொல்ல வேண்டிய நன்றியை வாட்ஸ்அப்பில் அவரவருக்கு அனுப்புங்கள். போஸ்ட் போடுவதற்கு முன்பே அனுப்பிவிட வேண்டும், பிறகு அல்ல.

படி 5: படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்

கேப்ஷனை எவ்வளவு கவனமாக எழுதினாலும் படம் காட்டிக்கொடுத்துவிடும். படத்தை இரண்டு விரலால் விரித்து மூலை மூலையாகப் பாருங்கள். ஐடி கார்டில் பணியாளர் எண்ணும் பார்கோடும் தெரிகிறதா? பின்னால் மானிட்டரில் யாருடைய ஆர்டராவது திறந்திருக்கிறதா? வாடிக்கையாளர் பெயர் அச்சிட்ட பெட்டி இருக்கிறதா? பல தொழிற்சாலைகளில் உள்ளே படம் எடுக்கவே அனுமதி கிடையாது. கேட்டுக்கு வெளியே, பெயர்ப்பலகை அருகே எடுப்பதுதான் பாதுகாப்பு.

படத்தில் தெரிவதைக் கேப்ஷனில் திரும்பச் சொல்ல வேண்டாம். கேட் முன்னால் நிற்கும் படத்துக்கு "கேட் முன் கடைசியாக ஒரு படம்" என்று எழுதினால் ஒரு வரி வீணாகிவிடும்.

கிளம்பும் காரணம் வேறு வேறாக இருந்தால்

ஓய்வு பெறுபவருக்கு மேலே சொன்னதே போதும். வேறு வேலைக்குப் போகிறவர், அங்கே போய்ச் சேரும் வரை புது நிறுவனத்தின் பெயரைப் போட வேண்டாம். சேரும் தேதி தள்ளிப்போகலாம், ஆஃபரே மாறலாம். பிறகு அந்தப் பதிவை எடுப்பது சங்கடம்.

ஆட்குறைப்பில் வேலை போனவருக்குக் கோபம் இருக்கும், அது நியாயம்தான். ஆனால் செட்டில்மென்டும் ரிலீவிங் லெட்டரும் கைக்கு வராத நாளில் பொதுவில் சண்டை வேண்டாம். "விடைபெறுகிறேன்" என்று எழுதினால் தானாகக் கிளம்பியதுபோல் ஆகிவிடும். "ஸ்டோர்ஸில் என் 17 வருஷ வேலை இன்றோடு முடிந்தது" என்று நடந்ததைச் சொல்லுங்கள். அடுத்த வரியிலேயே, மடிப்புக்கு மேல் தெரியும்படி, தேவையைச் சொல்லுங்கள்: "ஓசூர், பெங்களூரு பக்கம் ஸ்டோர்ஸ் வேலை தேடுகிறேன்." ஊரும் வேலையும் இருந்தால்தான் படிப்பவர் யாரையாவது நினைத்துப் பார்க்க முடியும். "புதிய வாய்ப்புகளை எதிர்நோக்குகிறேன்" என்ற வரியால் யாரும் உதவ முடியாது.

வேறு தொழில்களுக்கு மூன்று மாதிரி

கணக்குப் பிரிவு: "இன்று அலுவலகத்தில் கடைசி நாள். 14 வருஷமும் மார்ச் 31-ஐ இங்கே கணக்கு முடித்தே கழித்தேன். அடுத்த மார்ச் 31 அன்று இருட்டுவதற்குள் வீட்டில் இருப்பேன்."

தனியார் மருத்துவமனை நர்ஸ்: "இன்று காலை 8 மணிக்குக் கடைசி ஹேண்ட்ஓவர் கொடுத்தேன். 12 வருஷமாக எனக்கு ஹேண்ட்ஓவர் கொடுத்த ஐசியூ அக்காக்களுக்கு நன்றி."

ஜவுளிக்கடை விற்பனையாளர்: "22 தீபாவளிக்குக் கவுண்டரில் நின்று புடவை விரித்தேன். இன்று கடைசி நாள். இந்தத் தீபாவளிக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்க்க வருகிறேன்."

இவற்றை அப்படியே எடுத்துப் போட வேண்டாம். மார்ச் 31, ஹேண்ட்ஓவர், விரித்த புடவை இருக்கும் இடத்தில் உங்கள் தாளில் எழுதியதை வையுங்கள்.

எப்போது போடுவது

லேப்டாப், கார்டு, சாவி எல்லாம் ஒப்படைத்து, குழுவுக்கு விடைபெறும் மெயிலும் போன பிறகு. நீங்கள் போவது வாடிக்கையாளருக்கோ சப்ளையருக்கோ உங்கள் போஸ்டிலிருந்து முதலில் தெரிந்தால், பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் இடத்துக்கு வந்தவர்தான். அவர்களிடம் சொல்லியாகிவிட்டதா என்று மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மட்டும் போடுகிறவர்கள், அது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால், படத்தையும் வரிகளையும் தனியே சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.