சோலார் போட்ட பணம் எப்போது திரும்பும்?

கொட்டேஷனில் வரும் சேமிப்புக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். உங்கள் பழைய மின் பில்லை எடுத்து நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

மாதம் 500 யூனிட் செலவு என்று வைத்துக்கொள்வோம். முதல் 200 யூனிட்டுக்கு விலை 3, அதற்கு மேல் 8. பேனல் மாதம் 400 யூனிட் தரும், மொத்தச் செலவு 1,62,000 என்கிறது கொட்டேஷன். 400 யூனிட்டையும் 8-ஆல் பெருக்கி 3,200 மிச்சம், நாலேகால் வருடத்தில் பணம் திரும்பிவிடும் என்பார்கள். ஆனால் சோலார் பில்லை மேலிருந்துதான் குறைக்கும். அதாவது 200-க்கு மேலே உள்ள 300 யூனிட் 8 வீதம் 2,400, மீதி 100 யூனிட் 3 வீதம் 300. ஆக மிச்சம் 2,700. சரியாக 5 வருடம்.

பில்லில் உள்ள நிலையான கட்டணம் பெரும்பாலும் குறையாது, அதை மிச்சத்தில் சேர்க்காதீர்கள். ஒரு மாத பில் போதாது, 12 மாத பில்லும் வேண்டும். வெயில் கால ஏசி பில்லை மட்டும் காட்டினால் கணக்கு அழகாகத்தான் தெரியும். அப்புறம், பகலில் மிஞ்சும் மின்சாரத்தை எந்த விலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். வாங்கும் விலையை விட அது குறைவென்றால் 5 வருடம் இன்னும் நீளும்.