40 பசங்களோட ஒரு நாள் டூர்: தலை எண்றதுலயும் மாத்திரையிலயும் நடக்குற தப்புங்க

ஏழாம் வகுப்பு பசங்க 40 பேரை மாமல்லபுரம் கூட்டிட்டுப் போறதா லிஸ்ட் போட்டாச்சு, அன்னைக்குக் காலையில ரெண்டு பேர் வரல, ஆனா எல்லா டீச்சர் மனசுலயும் 40தான் நிக்குது. முதல் தப்பு இங்கதான். பஸ் கிளம்புறதுக்கு முன்னாடி எல்லாரையும் உக்கார வச்சு எண்ணி, வந்த நம்பர் 38னா வராத ரெண்டு பேரையும் லிஸ்ட்ல அடிச்சுட்டு, கூட வர்ற எல்லா டீச்சருக்கும் 38னு சொல்லிடணும்.

ரெண்டாவது தப்பு, வெறும் எண்ணிக்கையை நம்புறது. எங்களுக்கே நடந்துச்சு. கடற்கரைக் கோயில் வாசல்ல எண்ணினா கரெக்டா 38, சந்தோஷமா நடக்க ஆரம்பிச்சோம், பாத்தா வரிசையில வேற ஸ்கூல் பையன் ஒருத்தன் நிக்கிறான், அரசுப் பள்ளி யூனிஃபார்ம் எல்லாம் ஒரே மாதிரிதானே, நம்ம பையன் வெளிய சங்கு மாலைக் கடையில நிக்கிறான்! அதுல இருந்து ஆளுக்கு ஒரு நம்பர் குடுத்துடுறோம், பத்து பத்து பேரா நாலு குரூப்பு, குரூப்புக்கு ஒரு பெரியவங்க, அவங்கவங்க நம்பரை அவங்கவங்களே வரிசையா சொல்லணும். 17 வரலன்னா யாருன்னு அந்த நிமிஷமே தெரிஞ்சிடும். "எல்லாரும் வந்தாச்சா?"ன்னு மட்டும் கேக்காதீங்க, வராதவனுக்கும் சேத்து ஃப்ரெண்டு "வந்தாச்சு மிஸ்"னு கத்துவான். நடந்துட்டு இருக்கும்போது எண்றதும் வேஸ்ட்டு, நிறுத்திட்டு எண்ணுங்க.

மாத்திரை விஷயத்துல அடிக்கடி நடக்குறது, வாந்தி வராம இருக்குற மாத்திரையை பஸ் ஏறினப்புறம் குடுக்கிறது. அது வேலை செய்யவே அரை மணி நேரம், ஒரு மணி நேரம் ஆகும், வளைவுல வாந்தி வந்தப்புறம் போட்டா மாத்திரையும் சேந்து வெளிய வந்துடும். டாக்டர் சொன்ன அளவுல வீட்லயே குடுத்து அனுப்பச் சொல்லி முந்தின நாளே அப்பா அம்மாகிட்ட சொல்லிடுங்க.

இதைவிட மோசம், ஆஸ்துமா பிள்ளையோட இன்ஹேலர் பஸ்ல இருக்கிற பைக்குள்ளயே கிடக்கிறது. பஸ் பார்க்கிங்ல, டிரைவர் அண்ணா டீ குடிக்கப் போயிட்டார், பிள்ளை ஐந்து ரதம் பக்கத்துல மூச்சு வாங்குது, அப்ப என்ன பண்றது? இன்ஹேலர் பிள்ளை கையிலயோ, இல்ல அந்த குரூப் டீச்சர் தோள்பையிலயோ இருக்கணும், வெயில்ல காயுற பஸ்ல வைக்கிற பொருளும் இல்ல அது. மத்த மாத்திரைங்களையும் பேப்பர்ல மடிச்சு வாங்காதீங்க, பேர் தெரியிற அட்டையோட வாங்கி, எப்ப, எவ்வளவுன்னு பெத்தவங்க கையெழுத்தோட ஒரு சீட்டும் வாங்கிக்கோங்க. காய்ச்சல்னா "பாதி போடு"ன்னு நம்ம பையில இருக்கிற பாராசிட்டமாலைக் குடுக்கிறதும் தப்பு, பிள்ளையோட எடையைப் பாத்துதான் அளவு, வீட்டுக்கு போன் போட்டுக் கேட்டுட்டு குடுங்க.

ஓஆர்எஸ் பாக்கெட்ல எவ்வளவு தண்ணின்னு போட்டிருக்கும், 200 மில்லிக்கு ஒண்ணு இருக்கு, ஒரு லிட்டருக்கு ஒண்ணு இருக்கு. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளர்ல கரைச்சா உப்பு ஏறிடும், அது ஆபத்து.

திரும்பி வரும்போது எல்லாருக்கும் தூக்கம், "சார் எங்க வீடு இங்கதான்"னு நடுவழியில இறங்கப் பாப்பானுங்க. விடாதீங்க. ஸ்கூல் கேட்ல யார் வந்து கூட்டிட்டுப் போனாங்கன்னு எழுதி 38 டிக் விழுந்தப்புறம் நீங்க கிளம்புங்க.