க்ளோசபின் நோயாளியை ஒப்படைக்கும் கடிதத்தில் விடக்கூடாதவை

விடைபெறும் மனநல மருத்துவர் அடுத்தவருக்கு எழுதும் கடிதத்தில் "க்ளோசபின் 400 மி.கி., நிலை சீர்" என்று மட்டும் எழுதினால் போதாது. மருத்துவர் மாறும் வாரத்தில்தான் மாத்திரை தீர்ந்துபோகும். 48 மணி நேரத்துக்கு மேல் மருந்து விட்டுப்போனால் மறுபடி 400-இல் தொடங்கக் கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம். 12.5 மி.கி.யிலிருந்து படிப்படியாக ஏற்ற வேண்டும். ஆகவே கையிருப்பு எந்தத் தேதிவரை வரும், கடைசி ரத்த அணுப் பரிசோதனை எப்போது, அடுத்தது எப்போது என்பவை முதல் பத்தியிலேயே இருக்கட்டும்.

அடுத்தது புகைப்பழக்கம். பலர் இதைச் சமூக விவரம் என்று கடைசியில் தள்ளிவிடுகிறார்கள். உண்மையில் இது மருந்தளவு விவரம். சிகரெட் புகை க்ளோசபினைக் கல்லீரல் வேகமாகச் சிதைக்கும்படி செய்கிறது. அதற்குக் காரணம் நிகோடின் அல்ல, புகை. அதனால் நிகோடின் பட்டை ஒட்டினாலும், புகையை விட்ட சில நாட்களிலேயே ரத்தத்தில் மருந்து கூடி அதிகத் தூக்கமும் வலிப்பும்கூட வரலாம். "தினம் 20 சிகரெட் பிடிக்கும்போது நிர்ணயித்த அளவு இது, நிறுத்தினால் ரத்தத்தில் மருந்தளவு பார்த்துக் குறைக்கவும்" என்று எழுதுங்கள்.

முன்பு கைவிட்ட ஒவ்வொரு மருந்துக்கும் எவ்வளவு, எத்தனை வாரம், ஏன் நிறுத்தினோம் என்பதும் வேண்டும். "பலனில்லை" என்றால், 2 வாரத்தில் கைவிட்டதா, முழு அளவில் 6 வாரம் பார்த்ததா என்று புதியவருக்குத் தெரியாது.