பழைய 32 அங்குல டிவியில் பிளேஸ்டேஷன் 4: 720p வைப்பதா, 1080p வைப்பதா?

உவர்மலையில் அக்கா வீட்டு முன்னறையில் பழைய 32 அங்குல எல்.சி.டி. டிவி ஒன்று இருக்கிறது. சட்டத்தின் மூலையில் HD Ready என்று ஒட்டியிருக்கும். அதில் பிளேஸ்டேஷன் 4 பூட்டியதும், “மாமா, எழுத்தெல்லாம் ஊறிப்போய்க் கிடக்கு” என்றான் மருமகன். டிவி 720 தானே என்று கன்சோலையும் 720p-இல் வைத்திருந்தான். மங்கலுக்கு முதல் காரணம் அதுதான்.

முதலில் டிவியின் கையேட்டைப் பாருங்கள். HD Ready என்று விற்ற 32 அங்குல டிவிகளில் பெரும்பாலானவற்றின் திரை 1366×768 புள்ளிகள் கொண்டது. அது 720-உம் இல்லை, 1080-உம் இல்லை. பிளேஸ்டேஷன் 4-இல் 768 என்ற தெரிவே கிடையாது. ஆக, எதை அனுப்பினாலும் டிவி படத்தின் அளவை மாற்றித்தான் காட்டும். அப்படியானால் நாம் பார்க்கவேண்டியது ஒன்றே: படம் எத்தனை தடவை அளவு மாற்றப்படுகிறது?

கன்சோலின் மெனுவும் பல விளையாட்டுகளும் 1080 வரிகளில் வரையப்படுகின்றன. 720p வைத்தால் கன்சோல் அதை 720 வரிகளாகச் சுருக்கி அனுப்பும். டிவி அதை வாங்கி 768 ஆக இழுக்கும். அந்த இழுப்பில் ஒவ்வொரு 15 வரியும் 16 ஆகவேண்டும். ஒரு வரியை அப்படியே வைத்து அடுத்ததை இரண்டாக்க முடியாது என்பதால், பக்கத்து வரிகளைக் கலந்து நிரப்புகிறது. எழுத்தின் ஓரம் ஊறுவது அங்கேதான். சுருக்கும்போது தொலைந்த விவரமும் திரும்பி வராது.

1080p வைத்தால் சுருக்கல் ஒரே தடவை. 45 வரிகள் 32 ஆகின்றன. ஒரு புள்ளி கனமுள்ள மெல்லிய கோடு இதிலும் கொஞ்சம் வெளிறும், அதை மறுக்க முடியாது. ஆனால் எழுத்தின் வளைவுகள் வழவழப்பாக வரும், சாய்ந்த கோடுகளில் படிக்கட்டு குறையும்.

சரி, இப்போது மாற்றலாம். போகவேண்டிய வழி இது:

```
Settings > Sound and Screen > Video Output Settings > Resolution
```

1080p-ஐத் தெரிவு செய்யுங்கள். படம் தெரிந்தால் உறுதி செய்யுங்கள். தெரியாவிட்டால் எதையும் அழுத்தாமல் காத்திருங்கள், பழைய நிலைக்குத் தானே திரும்பும். திரை கறுப்பாகவே நின்றுவிட்டால் கன்சோலை முழுதாக அணைத்து, பவர் பொத்தானை இரண்டாவது பீப் கேட்கும்வரை, ஏறத்தாழ 7 செக்கன், அழுத்திப் பிடியுங்கள். கன்ட்ரோலரை யு.எஸ்.பி. வயரால் இணைத்து, அதன் PS பொத்தானை அழுத்தி, வரும் மெனுவில் Change Resolution கொடுத்தால் 480p-இல் படம் வரும்.

சில பழைய டிவிகள் 1080p-ஐ ஏற்காது, 1080i மட்டுமே ஏற்கும். 1080i-இல் ஒரு நேரத்தில் 540 வரிகள்தான் வருகின்றன. மலிவான டிவிகள் அவற்றைச் சரியாகக் கோர்ப்பதில்லை. மெனுவில் படுக்கைக் கோடுகள் துடித்தால் அதுதான் அடையாளம். அப்படிப்பட்ட டிவியில் விளையாட 720p-ஏ மேல்.

அடுத்தது பலரும் தவறவிடும் இடம். 1080p வைத்த பிறகும் அக்கா வீட்டு டிவியில் மங்கல் முழுதாகப் போகவில்லை. மெனுவின் ஓரங்கள் சட்டத்துக்குள் ஒளிந்திருந்தன. அந்தக் காலத்து ஒளிபரப்புக்காக டிவி படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை வெட்டுகிறது, அதாவது ஓவர்ஸ்கேன். வெட்டி இழுப்பதால் கூர்மையும் போகிறது. கன்சோலிலேயே Display Area Settings இருக்கிறதே என்று அதைத் தொடாதீர்கள். அது படத்தைச் சுருக்கும், டிவி மறுபடி பெரிதாக்கும், ஓரம் தெரிந்தாலும் மங்கல் கூடும். டிவி ரிமோட்டில் பட அளவுப் பொத்தானை அழுத்தி Just Scan, Screen Fit போன்ற பெயருள்ளதைத் தேடுங்கள். எங்களுக்கு 16:9-இலிருந்து Just Scan-க்கு மாற்றியதும் ஓரங்கள் முழுதாக வந்தன, எழுத்தும் தெளிந்தது.

அப்புறம் டிவியின் Sharpness. அது விவரத்தைக் கூட்டுவதில்லை, ஓரங்களைச் சுற்றி வெள்ளைக் கோடு போடுகிறது. கறுப்பு எழுத்தைச் சுற்றி வெளிச்ச வளையம் தெரிந்தால், அது மறையும்வரை குறையுங்கள். முதலில் படம் மென்மையாகிவிட்டதுபோல் இருக்கும். பத்து நிமிடம் விளையாடிவிட்டுப் பாருங்கள்.

மருமகன் இப்போது கதிரையில் இருந்தபடியே துப்பாக்கிக் குண்டுகளின் எண்ணிக்கையை வாசிக்கிறான். வரைபடத்தில் இருக்கும் பொடி எழுத்து மட்டும் இன்னும் சிரமம். 1080 வரிகளுக்காக வரைந்த எழுத்து 768-இல் அதற்குமேல் தெளியாது. அதற்கு விளையாட்டின் உள்ளேயே எழுத்தளவைப் பெரிதாக்கிக் கொடுத்தேன்.