ஒப்பந்தத்தை மீறத் தூண்டியதாக வழக்குப் போடுமுன்

ஜூனியர்கள் எழுதிக் கொண்டுவரும் வழக்குரைகளில் இந்த வரி இன்னும் வருகிறது: "பிரதிவாதிக்கு ஒப்பந்தம் பற்றித் தெரியும், அல்லது தெரிந்திருக்க வேண்டும்." தேதி, கட்டணம் போன்ற சில்லறைப் பிழைகளை விடுவோம். இந்த ஒரு வரி வழக்கையே கவிழ்க்கும்.

"தெரிந்திருக்க வேண்டும்" போதாது

கவனக்குறைவு வழக்கில் அப்படி எழுதலாம். மூன்றாம் நபர் ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்ற வழக்கில், மீறல் நடக்கப்போகிறது என்று அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தும் வேண்டுமென்றே விசாரிக்காமல் கண்ணை மூடிக்கொண்டாலும் தெரிந்ததாகவே கொள்வார்கள். அசட்டையாக இருந்தது மட்டும் போதாது.

2007-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஓபிஜி எதிர் ஆலன் வழக்கோடு சேர்த்துத் தீர்த்த மெயின்ஸ்ட்ரீம் எதிர் யங் வழக்கைப் பாருங்கள். கட்டுமான நிறுவன ஊழியர்கள் இருவர், நிறுவனத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய நில வாய்ப்பைத் தங்களுக்கென்று திருப்பிக்கொண்டார்கள். அதற்குப் பணம் கொடுத்தவர் முன்கூட்டியே இதில் சிக்கல் வராதா என்று கேட்டிருந்தார். அந்த நிலத்தை நிறுவனம் வேண்டாமென்று சொல்லிவிட்டது என்றார்கள். அது பொய், ஆனால் அவர் நம்பினார். அவர்கள் வேலை ஒப்பந்தத்தால் கட்டுப்பட்டவர்கள் என்பது தெரிந்தும், மீறல் நடக்காது என்று நேர்மையாக நம்பியதால் அவர் தப்பினார்.

எங்களிடம் வந்த ஒரு கட்சிக்காரரின் விநியோகஸ்தர் போட்டியாளரிடம் தாவினார். கட்சிக்காரர் போட்டியாளரின் மேலாளரிடம் போனில் சத்தம் போட்டார், அவ்வளவுதான். பின்னால் எதிர்த்தரப்பு, "ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று விநியோகஸ்தர் சொன்னார், நம்பினோம்" என்றது. அதை மறுக்க எங்களிடம் ஒரு காகிதமும் இல்லை.

சந்தேகம் வந்த அன்றே நோட்டீஸ் போகட்டும். முடிவெடுக்கும் ஆள் பெயருக்கே அனுப்புங்கள். ஒப்பந்த தேதி, முடியும் தேதி, மீறப்படும் பிரிவின் வாசகம் மூன்றும் அதில் இருக்கட்டும். "கடும் நடவடிக்கை எடுப்போம்" என்ற மிரட்டல் மட்டும் இருந்தால், எதைத் தெரிவித்தீர்கள் என்று நீதிபதி கேட்பார். நோட்டீஸுக்குப் பிறகும் போட்டியாளர் தொடர்ந்தால், அவர் நம்பினேன் என்று சொல்வது கடினம். அதற்கு முன் நடந்ததை நோட்டீஸ் காப்பாற்றாது.

மீறல் இல்லாமல் தூண்டல் இல்லை

முறையாக அறிவிப்புக் கொடுத்து விலகியவரை வேலைக்கு எடுத்தால் வழக்கு நிற்காது.

சதி என்று கூடவே சேர்ப்பது

சட்டபூர்வமான செயல்களையே சேர்ந்து செய்தார்கள் என்றால், தீங்கு செய்வதே அவர்களின் முதன்மை நோக்கம் என்று காட்ட வேண்டும். 1942-இன் கிராஃப்டர் வழக்கில் தொழிற்சங்கத்தினர் துறைமுகத்தில் சில வணிகர்களின் சரக்கைத் தடுத்தார்கள். தங்கள் உறுப்பினர்களின் நலனே நோக்கம் என்பதால் சதி இல்லை என்றாயிற்று. சட்டவிரோத வழி இருந்தால் கணக்கு வேறு. அங்கே முதன்மை நோக்கம் வேண்டாம், தீங்கு செய்யும் எண்ணம் இருந்தால் போதும்.